டேங்க் ஏன் இவ்வளவு உயரத்தில் நிற்கிறது?

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்பு. நானும் என் தோழியும் சேர்ந்து செய்த மாடல் இது. கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள், காலையிலிருந்து இதைப் பார்க்க வந்தவர்களில் மூன்று பேர் சட்டையை நனைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் மந்தையை ஒட்டி ஒரு மேட்டில் ஓவர்ஹெட் டேங்க் இருக்கிறது. அந்த மேட்டிலேயே, டேங்குக்கு அடுத்த வீடு எங்கள் அத்தை வீடு. மாடியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் நூல் மாதிரி வரும். ஆனால் அரை கிலோமீட்டர் தள்ளிப் பள்ளத்தில் இருக்கிற எங்கள் வீட்டில் வாளிக்கு வெளியே தெறிக்கும். "டேங்கைப் பெரிசாக் கட்டினா எல்லாம் சரியாயிடும்" என்று அத்தை எப்போதும் சொல்வார். இந்த மாடலைச் செய்ததே அத்தைக்குப் பதில் சொல்லத்தான்.

மாடலில் பெரிதாக ஒன்றுமில்லை. பிவிசி பைப்பை வெட்டி ஒட்டி நாலு கால் வைத்த ஸ்டாண்ட், அதில் 30, 60, 120 சென்டிமீட்டர் உயரத்தில் கொக்கிகள், அடியை வெட்டிக் கவிழ்த்த இரண்டு லிட்டர் பாட்டில், அதன் மூடியில் ஓட்டை போட்டுச் செருகிய டியூப். கொத்தனார் மட்டம் பார்ப்பாரே, அந்த டியூப்தான், கொஞ்சம் சன்னமானது. டியூப் நுனியில் பேனாவின் காலி ரீஃபிலிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. அதுதான் குழாய். முதலில் பாட்டிலை வெட்டாமல் முழுசாகவே கவிழ்த்து வைத்தோம், தண்ணீர் கொஞ்சம் வந்து நின்றே போனது. டியூப் அடைத்துக்கொண்டது என்று அரை மணி நேரம் ஊதிப் பார்த்தோம். பிறகுதான் புரிந்தது, மேலே காற்று உள்ளே போக வழியே இல்லை. நிஜ டேங்கின் தலையில் வளைந்த ஒரு பைப் நீட்டிக்கொண்டிருப்பதும் அதற்குத்தான்.

சரி, அழுத்தத்துக்கு வருகிறேன். ஐயா, இந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் கையில் பிடியுங்கள். ஒரு கிலோ கனம். இப்போது இந்தத் தண்ணீர் முழுவதையும் ஒரு சதுர சென்டிமீட்டர், அதாவது சுண்டுவிரல் நகம் அளவு துவாரமுள்ள நீளமான பைப்பில் ஊற்றி நிறுத்தினால் அது எவ்வளவு உயரம் நிற்கும்? ஒரு லிட்டர் என்பது 1000 கன சென்டிமீட்டர், அதனால் 1000 சென்டிமீட்டர், அதாவது 10 மீட்டர் நிற்கும். மூன்று மாடி உயரம். உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு கிலோ மொத்தமும் அடியில் ஒரு நகம் அளவு இடத்தில் உட்கார்ந்திருக்கும். 10 மீட்டர் உயரத் தண்ணீர் தருகிற அழுத்தம் அவ்வளவுதான், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. 5 மீட்டர் என்றால் அரை கிலோ. கணக்கு இதைவிடச் சுலபமாக இருக்க முடியாது. புத்தகத்தில் P = hρg என்று இருக்கும், P அழுத்தம், h தண்ணீரின் உயரம், ρ அதன் அடர்த்தி, g புவியீர்ப்பு முடுக்கம், இரண்டும் ஒன்றுதான்.

அந்தச் சூத்திரத்தில் தொட்டியின் அகலம் எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? எனக்கு இது முதலில் நம்பவே முடியவில்லை. பெரிய தொட்டியில் கனம் அதிகம், அப்போது அழுத்தமும் அதிகம்தானே? இல்லை. அகலமான தொட்டியில் தண்ணீர் கூடுதலாக இருக்கிற மாதிரியே அந்தக் கனத்தைத் தாங்குகிற தரையும் கூடுதலாக இருக்கிறது. ஒவ்வொரு நகம் அளவு இடமும் தனக்கு நேர் மேலே நிற்கிற தண்ணீரை மட்டும்தான் சுமக்கிறது. பக்கத்து இடத்துச் சுமையைப் பக்கத்து இடம் பார்த்துக்கொள்கிறது. மேட்டூர் அணையில் 120 அடி தண்ணீர் நிற்கும்போது அடியில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ, 120 அடி உயரத்துக்கு இந்தச் சன்ன டியூபை நிறுத்தி நிரப்பினாலும் அடியில் அவ்வளவே இருக்கும். டியூபுக்குச் செலவாகும் தண்ணீர் ஒரு குடத்துக்குள் அடங்கிவிடும்.

இதையும் செய்தே பார்த்தோம். இரண்டு லிட்டர் பாட்டிலுக்குப் பதில் அதே கொக்கியில் ஐந்து லிட்டர் கேனை மாட்டி, தண்ணீர் மட்டம் மட்டும் அதே கோட்டில் இருக்கிற மாதிரி ஊற்றினோம். 200 மில்லி டம்ளர் நிரம்ப எடுத்த நேரத்தில் வித்தியாசமே தெரியவில்லை. கேன் கொஞ்சம் அதிக நேரம் தாக்குப்பிடித்தது, அவ்வளவுதான். டேங்கைப் பெரிதாக்கினால் தண்ணீர் அதிக நேரம் வரும், வேகமாக வராது. அத்தைக்குப் பாதிப் பதில் இது.

மீதிப் பாதி உயரம். தண்ணீர் மட்டம் 30 சென்டிமீட்டர் மேலே இருக்கும்போது டம்ளர் நிரம்ப 52 விநாடி ஆனது. 120 சென்டிமீட்டரில் 24 விநாடி. நேற்று எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் மடக்கினான், உயரம் நாலு மடங்கானால் 13 விநாடிதானே ஆக வேண்டும் என்று. நல்ல கேள்வி. அழுத்தம் நாலு மடங்காகத்தான் ஆகிறது, ஆனால் தண்ணீர் வெளியே வரும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, அதனால் இரண்டு மடங்குதான் ஆகும். இது 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் டாரிசெல்லி கண்டுபிடித்தது, பாரோமீட்டர் செய்த அதே டாரிசெல்லி. எங்களுக்குச் சரியாக 26 விநாடி வராததற்கு டியூப் உராய்வும் காரணம், ஸ்டாப்வாட்ச் அழுத்திய என் தோழியும் காரணம்.

எதிலிருந்து எதுவரை அளக்க வேண்டும் என்பதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். டேங்கின் கால் உயரம் கணக்கில்லை. டேங்கில் தண்ணீர் நிற்கிற மட்டத்திலிருந்து உங்கள் வீட்டுக் குழாயின் வாய்வரை செங்குத்தாக எவ்வளவு இறக்கம், அதுதான் கணக்கு. அத்தை வீடு மேட்டில், குழாய் மாடியில், டேங்கின் தண்ணீர் மட்டத்திலிருந்து இறக்கம் நாலைந்து மீட்டர்தான் இருக்கும். எங்கள் வீடு பள்ளத்தில். பக்கமா தூரமா என்பது இரண்டாவது விஷயம், நீளமான பைப்பில் உராய்வினால் கொஞ்சம் வேகம் போகும். காலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் இன்னும் குறையும்.

மோட்டாரிலிருந்து நேராக வீட்டுக்கு விட்டால் என்ன என்று கேட்பீர்கள். விடலாம், கரன்ட் போகும்வரை. ராத்திரி ஆள் இல்லாத நேரத்தில் சின்ன மோட்டார் மெதுவாக மேலே ஏற்றி வைக்கிறது, காலையில் ஊரே சேர்ந்து ஒரு மணி நேரத்தில் இறக்கிக்கொள்கிறது.

இந்த யோசனை எனக்கு வந்தது அப்பத்தாவுக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியபோது. பாத்ரூம் போக பாட்டிலை நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன், கை வலிக்கிறதென்று கொஞ்சம் இறக்கிவிட்டேன், டியூபில் ரத்தம் திரும்பி ஏறத் தொடங்கிவிட்டது. நர்ஸ் அக்கா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ரத்தத்துக்கும் ஒரு அழுத்தம் உண்டே, பாட்டில் அதை ஜெயிக்கிற உயரத்தில் நிற்க வேண்டும்.

அதையே இப்போது செய்து காட்டுகிறேன். பாட்டில் 120இல் இருக்கிறது, ரீஃபில் நுனியை மேல்நோக்கித் திருப்புகிறேன், பாருங்கள், எவ்வளவு உயரம் பீய்ச்சுகிறது. ஆனால் பாட்டிலில் தண்ணீர் நிற்கிற மட்டத்தை இது ஒருநாளும் தாண்டாது. இப்போது பாட்டிலைக் கையில் எடுத்து மெதுவாக இறக்குகிறேன். குறைகிறது... இன்னும் குறைகிறது... தண்ணீர் மட்டமும் ரீஃபில் வாயும் ஒரே கோட்டுக்கு வந்தாயிற்று, நின்றுவிட்டது. பாட்டிலில் இன்னும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் இருக்கிறது, ஒரு சொட்டுகூட வரவில்லை. வேண்டுமானால் நீங்களே பாட்டிலைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள் ஐயா. அந்த வாளியை மட்டும் யாராவது இந்தப் பக்கம் நகர்த்துங்கள்.