கோகிலா 9ஆம் வகுப்பை மறுபடியும் படிப்பது பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அரசு உயர்நிலைப் பள்ளி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.
மே 22

கோகிலாவின் அப்பா, அம்மா இருவருக்கும் வணக்கம்.

கோகிலா வரும் ஆண்டும் 9ஆம் வகுப்பிலேயே படிக்கட்டும் என்று பள்ளியில் முடிவெடுத்திருக்கிறோம். இதைப் படித்ததும் உங்களுக்கு மனம் கனக்கும் என்று தெரியும். அதனால்தான் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டோம். பாட்டிக்கும் படித்துக் காட்டுங்கள். ஆனால் கோகிலாவின் கையில் கடிதத்தைக் கொடுத்து இந்தச் செய்தியைத் தெரிந்துகொள்ளச் சொல்லாதீர்கள். நீங்கள் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்ன பிறகு, அவள் விரும்பினால் படிக்கட்டும்.

8ஆம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் நம் மாநிலத்தில் நிறுத்துவதில்லை. 9ஆம் வகுப்பில்தான் ஒவ்வொரு பாடத்திலும் 35 மதிப்பெண் எடுத்திருக்கிறாளா என்று முதல்முறையாகப் பார்க்கிறோம். ஆண்டுத் தேர்வில் கோகிலா தமிழில் 61, சமூக அறிவியலில் 43 வாங்கினாள். ஆங்கிலத்தில் 22, கணக்கில் 13, அறிவியலில் 27. மே முதல் வாரம் நடத்திய மறுதேர்வில் அறிவியலை 38க்குக் கொண்டுவந்துவிட்டாள். பத்தே நாளில் அவளாக உட்கார்ந்து படித்து எடுத்தது அது. ஆங்கிலம் 26, கணக்கு 16 என்ற அளவில்தான் ஏறின.

மதிப்பெண்ணை மட்டும் வைத்து நாங்கள் முடிவு செய்யவில்லை. இரண்டு மூன்று மதிப்பெண் குறைந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. விடைத்தாளைப் பார்த்தால் எங்கே நின்றுபோகிறாள் என்பது தெளிவாகத் தெரிகிறது. 2x + 5 = 17 என்ற கணக்கில் 5ஐ அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது குறியை மாற்றாமல் 2x = 22 என்று எழுதி, x = 11 என்று முடிக்கிறாள். 22ஐ 2ஆல் சரியாக வகுக்கிறாள், அதில் தடுமாற்றமே இல்லை. ஆனால் இதே பிழை எல்லாச் சமன்பாட்டிலும் வருகிறது. மிகை எண், குறை எண் கூட்டல் கழித்தல், பின்னம், எளிய சமன்பாடு மூன்றும் 7, 8ஆம் வகுப்புப் பாடங்கள். அவை பிடிபடாததால் 9ஆம் வகுப்பு இயற்கணிதம், ஆயத்தொலை வடிவியல் இரண்டும் அவளுக்கு நகரவே இல்லை. ஆங்கிலத்தில், கேள்வியில் உள்ள ஒரு சொல் பாடத்தில் எங்கே வருகிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே பார்த்து எழுதுகிறாள். கையெழுத்து அழகாக இருக்கிறது, எழுத்துப் பிழையும் குறைவு, அதனால் நோட்டைப் பார்க்கிறவர்களுக்குக் குறை தெரியாது. சத்தம் போட்டு வாசிக்கச் சொன்னால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படிக்கிறாள். வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதலில் படித்தது மறந்துபோகிறது.

இந்த ஆண்டு அவள் 128 நாள் பள்ளிக்கு வந்தாள், 82 நாள் வரவில்லை. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை உங்களோடு பெங்களூரில் இருந்த நாட்கள்தான் அதில் பெரும்பகுதி. கட்டட வேலைக்குப் போகிற இடத்தில் பெண்பிள்ளையைத் தனியாக ஊரில் விட மனம் வராமல்தான் கூட்டிப்போனீர்கள். அதைக் குறையாகச் சொல்ல நாங்கள் எழுதவில்லை. ஆனால் கணக்கில் அடிப்படையான பாடங்கள் நடந்தது அந்த மாதங்களில்தான். திரும்பி வந்தபோது வகுப்பு வெகுதூரம் போய்விட்டது.

“10ஆம் வகுப்புக்கு அனுப்பிவிட்டு அங்கே சொல்லிக்கொடுக்கக் கூடாதா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, நாங்களும் அதைத்தான் முதலில் யோசித்தோம். 10ஆம் வகுப்புக் கணக்கில் முதல் பாடமே 9ஆம் வகுப்பில் படித்த கணங்களை வைத்துத் தொடங்குகிறது. இயற்கணிதப் பாடம் மூன்று மாறிகள் உள்ள சமன்பாடுகளில் தொடங்குகிறது. ஒரு மாறியிலேயே குறி தவறுகிற பிள்ளைக்கு அது புரியாது. அதோடு 10ஆம் வகுப்பில் ஆண்டு முழுவதும் தேர்வு, திருப்புதல், பொதுத்தேர்வு என்றே நாள் ஓடும். அடிப்படையைத் திரும்பச் சொல்லித்தர ஆசிரியருக்கு நேரம் இருக்காது. அங்கே தோற்றால் ஊர் முழுக்கத் தெரியும், மதிப்பெண் பட்டியலிலும் பதியும். 9ஆம் வகுப்பை இரண்டாம் முறை படித்தது 10ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எங்குமே வராது.

இன்னொரு உண்மையையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. அதே பாடத்தை அதே விதமாக இன்னொரு ஆண்டு நடத்தினால் பயன் கிடையாது. நிறுத்தப்பட்ட பிள்ளைகள் மனம் விட்டுப்போய் பள்ளிக்கே வராமல் நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே வரும் ஆண்டு அவளுக்கு வேறுமாதிரி இருக்க வேண்டும்.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் தினமும் மாலை 4:15 முதல் 5 மணி வரை கோகிலாவுக்குத் தனிப் பயிற்சி. 5:20 டவுன் பஸ்ஸைப் பிடிக்க வசதியாக 5 மணிக்குக் கட்டாயம் விட்டுவிடுவோம். திங்கள், புதன், வெள்ளி கணக்கு. முதல் இரண்டு வாரம் குறை எண்கள், அடுத்த இரண்டு வாரம் பின்னம், அதன்பின் சமன்பாடு. ஒன்று பிடிபடாமல் அடுத்ததற்குப் போக மாட்டோம். ஒரு நாளைக்கு ஐந்து கணக்குதான், ஆனால் ஒவ்வொன்றையும் விடையைத் திரும்பப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். 11ஐப் போட்டுப் பார்த்தால் 27 வருகிறது, 17 வரவில்லை என்பதை அவளே கண்டுபிடிக்கிற அன்றைக்கு அந்தப் பிழை போய்விடும். செவ்வாய், வியாழன் ஆங்கில வாசிப்பு. 6ஆம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தி. முதலில் ஆசிரியை படிப்பார், பிறகு சேர்ந்து படிப்பார்கள், பிறகு அவள் தனியாகப் படிப்பாள், கடைசியில் என்ன படித்தோம் என்று தமிழில் சொல்ல வேண்டும். சின்ன வகுப்புப் புத்தகம் என்று மற்ற பிள்ளைகள் பார்த்துக் கேலி செய்யாதபடி பிரதி எடுத்துத் தருகிறோம்.

ஜூலை கடைசியில் ஒரு சிறு தேர்வு வைத்து, எது வந்தது, எது வரவில்லை என்று தாளோடு உங்களுக்குக் காட்டுவோம். வரவில்லை என்றால் பயிற்சியைக் காலாண்டுத் தேர்வு வரை நீட்டிப்போம். தமிழில் அவள் நன்றாகவே எழுதுகிறாள். கட்டுரையைப் பார்த்து எழுதாமல் சொந்தமாக எழுதுகிற சில பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. பள்ளிக் கட்டுரைப் போட்டிக்கு அவள் பெயரைக் கொடுக்கப் போகிறோம்.

கோகிலாவின் மாமன் மகள் இந்த ஆண்டு 8ஆம் வகுப்பு முடித்து 9க்கு வருகிறாள். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் கோகிலாவுக்குக் கூச்சமாக இருக்கும் என்பதால் கோகிலாவை ‘அ’ பிரிவிலும் மாமன் மகளை ‘ஆ’ பிரிவிலும் போடுகிறோம். மதிய உணவு நேரத்தில் பழைய தோழிகளோடு உட்கார எந்தத் தடையும் இல்லை. தேர்ச்சிப் பட்டியலைச் சுவரில் ஒட்டப் போவதில்லை, பெற்றோர் வாட்ஸப் குழுவிலும் போட மாட்டோம்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அது பெரிய வேலை. அவளிடம் சொல்லும்போது இருவரும் சேர்ந்து சொல்லுங்கள், போனில் வேண்டாம். “கணக்கிலும் ஆங்கிலத்திலும் அடிப்படை விட்டுப்போயிருக்கிறது, அதைச் சரிபண்ண ஒரு வருஷம் எடுத்துக்கிறோம், நீ படிக்கிற பிள்ளைதான், அறிவியல்ல எடுத்துக் காட்டிட்டியே” என்று சொன்னால் போதும். அழுதால் அழட்டும், உடனே சமாதானம் சொல்ல வேண்டாம். தம்பியோடு ஒப்பிட வேண்டாம். சொந்தக்காரர்கள் முன்னால் ‘ஃபெயில்’ என்ற பேச்சே எடுக்க வேண்டாம் என்று பாட்டியிடமும் மாமாவிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இரண்டு நாளுக்கு மேல் இருந்தாலோ, ‘நான் இருந்து என்ன’ என்பதுபோல் ஏதாவது சொன்னாலோ, தனியாக விடாதீர்கள், உடனே எங்களைக் கூப்பிடுங்கள். நேரம் காலம் பார்க்க வேண்டாம்.

இந்த நேரத்தில் அக்கம்பக்கத்தில் யாராவது, “அதான் நின்னுடுச்சே, கம்பெனிக்கு அனுப்பு”, “வரன் வந்திருக்கு, முடிச்சிடலாம்” என்று சொல்லக்கூடும். நம் பக்கத்தில் அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறோம், உங்களைச் சந்தேகப்பட்டு அல்ல. அவளுக்கு 14 வயதுதான் ஆகிறது. 18க்கு முன் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம், அவள் உடம்புக்கும் ஆபத்து. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் கிடைக்கிறது. இங்கே நிறுத்திவிட்டால் அந்த வாசலும் அடைபட்டுவிடும். ஒரு வருஷம் தாமதமாவதால் அவளுக்கு ஒன்றும் குறைந்துபோகாது. பள்ளியை விட்டு நிற்பதுதான் நஷ்டம்.

மழைக்காலத்தில் நீங்கள் மறுபடி பெங்களூர் போக வேண்டியிருந்தால் அவளைக் கூட்டிப்போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். பாட்டியால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது என்றால் அரசு மாணவியர் விடுதியில் சேர்க்கலாம், தங்குவதும் சாப்பாடும் இலவசம். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டும் தேவை. வருமானச் சான்று பழையதாக இருந்தால் இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், ஜூனில் கூட்டம் அதிகம். விண்ணப்பத்தை நாங்களே நிரப்பித் தருகிறோம்.

எங்கள் முடிவு சரியில்லை என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள். ஆண்டுத் தேர்வு, மறுதேர்வு விடைத்தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துவைத்திருக்கிறோம், நீங்களே பார்க்கலாம், உங்களுக்கு நம்பிக்கையான படித்த ஒருவரையும் கூட்டிவரலாம். அதன் பிறகும் ஒப்பவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு எழுதலாம். அதற்காக உங்கள் மீதோ பிள்ளை மீதோ எங்களுக்கு ஒரு வருத்தமும் இருக்காது.

அப்பா சனிக்கிழமை இரவு ஊருக்கு வருவதால் மே 31, ஞாயிறு காலை 10 மணிக்குப் பள்ளியைத் திறந்துவைக்கிறோம். வகுப்பு ஆசிரியை, கணக்கு ஆசிரியர், தலைமை ஆசிரியர் மூவரும் இருப்போம். முதல் அரை மணி நேரம் நீங்கள் மட்டும், பிறகு கோகிலாவையும் உள்ளே அழைத்துப் பேசுவோம். அன்று முடியாவிட்டால் எந்த நாள் தோதுப்படும் என்று பாட்டியிடம் சொல்லியனுப்புங்கள், இல்லையென்றால் மாலை 6 மணிக்கு மேல் போன் செய்யுங்கள். வரும்போது அவளுடைய பழைய கணக்கு நோட்டையும் கொண்டுவாருங்கள், ஜூன் மாதப் பயிற்சியை எந்தக் கணக்கிலிருந்து தொடங்கலாம் என்று அதை வைத்துக் குறித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வகுப்பு ஆசிரியை, 9 ‘ஆ’ பிரிவு
தலைமை ஆசிரியர்