சக்கை விழும் பக்கம்

அடியந்திரம் கழிந்து பந்தல்காரர் கம்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே சுனிதா அம்மையின் அறையைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். புதுப் பூட்டு. மார்த்தாண்டத்திலிருந்து புறப்படும்போதே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பதுதான் அக்கா வசந்தாவுக்குத் தாங்கவில்லை.

"பதினாறு இப்பந்தான் முடிஞ்சு. அதுக்குள்ள பூட்டும் கொண்டு வந்திருக்கியா?"

"நீ வில்லேஜ் ஆபீஸ்ல போயி, வீட்ட உனக்க பேருக்கு மாத்த என்ன வேணும்னு கேக்கல்லியா? அது மட்டும் கொள்ளாமா?"

கேட்டது உண்மைதான். வசந்தா பதில் சொல்லவில்லை. அன்று இரவே சுத்தியலால் பூட்டை உடைத்துப் போட்டாள்.

திருவட்டாறு பக்கத்தில் 11 சென்ட். அதில் ஓட்டு வீடு, பின்னால் ஒட்டிக் கட்டிய ஒரு வார்ப்பு அறை, கிணறு, கிழக்கு ஓரத்தில் ஒரு வருக்கைப் பிலாமரம். 1988-இல் அம்மை தங்கம்மை தன் பெயரில் 16,500 ரூபாய்க்கு வாங்கியது. கணவன் இறந்தபின் அண்டி ஆபீசுக்குப் போய்ச் சம்பாதித்த காசு. வறுத்த முந்திரிக் கொட்டையைத் தட்டி உடைக்கும் வேலை. தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்ட இடமெல்லாம் பொள்ளும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தாலும், சாயங்காலம் விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து நிற்கும். சோறு பிசையும்போது எரியும் என்று தங்கம்மை பல நாள் கரண்டியால்தான் கஞ்சி குடித்தாள். அந்தக் கறை சாகும் வரைக்கும் நகக்கண்ணில் இருந்தது. குளிப்பாட்டிய பெண்கள் தேய்த்தும் போகவில்லை.

அம்மையைக் கடைசி ஒன்பது வருடம் பார்த்தவள் வசந்தா. சர்க்கரை நோயில் கால் விரல் எடுத்தபின் தூக்கி நடத்தியது, மழையில் ஒழுகிய ஓட்டை மாற்றியது, ராத்திரி விழித்திருந்தது எல்லாம் அவள். சுனிதா நர்ஸ். பத்து வருடம் சவுதியில் இருந்துவிட்டு வந்து மார்த்தாண்டத்தில் வாடகை வீட்டில் இருக்கிறாள். அந்த வார்ப்பு அறையும் கக்கூசும் அவள் அனுப்பிய பணம்.

மாமா இரண்டு தடவை பேசிப் பார்த்தார். முதல் தடவை "மூத்தவதானே பாத்தா, விட்டுக்குடு" என்று சுனிதாவிடம் சொன்னார். இரண்டாம் தடவை "அவளும் பெத்த மகதானே, பாதியக் குடு" என்று வசந்தாவிடம் சொன்னார். இரண்டு பேருக்கும் அவர் ஆகாதவராகிப் போனார். ஊர்ப் பஞ்சாயத்தில் இது எப்போதும் நடக்கும். நடுவில் நிற்பவர் ஒரு தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டே வருவார், யாருக்கும் அவர் காது கிடைக்காது.

வசந்தாவிடம் ஒரு பேப்பர் இருந்தது. வீடு மூத்த மகளுக்கு என்று எழுதி, அம்மை நடுங்கும் கையால் போட்ட கையெழுத்தும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் கையெழுத்தும். வக்கீல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உயில்னா சாட்சி ரெண்டு பேரு வேணும்மா. இதுல ஒருத்தர்தான் இருக்காரு. நிக்காது. அம்மா சொந்தமா வாங்கின சொத்து, அப்பாவும் இல்ல. சட்டப்படி உங்க ரெண்டு பேருக்கும் சமபாகம்."

வசந்தா அந்தப் பேப்பரைச் சேலை முந்தியில் சுற்றிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

சுனிதா பாகப்பிரிவினை வழக்குப் போட்டாள். தக்கலையில் பத்மநாபபுரம் கோர்ட்டு. வாய்தா, வாய்தா என்று ஒரு வருடம் ஓடியது. எதிரெதிர் பெஞ்சில் இருந்து இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வந்தார்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் சுனிதா நின்றுகொண்டே போனாள். பிறகு நீதிபதி இரண்டு வக்கீல்களையும் கேட்டு, வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பினார்.

அங்கே மேடை இல்லை, கூண்டு இல்லை. ஒரு வட்ட மேசை, நாலைந்து நாற்காலி, மின்விசிறி. சமரசர் ஒரு பெண் வக்கீல், ஐம்பது வயது இருக்கும்.

"நான் ஜட்ஜ் இல்ல. யார் சரி, யார் தப்புன்னு சொல்ல மாட்டேன். இதுக்கு ஃபீஸ் கிடையாது. இங்க பேசினத நாளைக்குக் கோர்ட்டுல யாரும் சாட்சியாக் கொண்டுபோக முடியாது. ஒத்துவரலன்னா வழக்கு அப்படியே திரும்பப் போகும், ஒண்ணும் கெட்டுப்போகாது. ஒருத்தர் பேசும்போது மத்தவங்க நடுவுல பேசக் கூடாது. அது ஒண்ணுதான் நான் கேக்கறது."

அதைக் கூட அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. சுனிதா "எனக்க பாதி" என்று தொடங்கியதும் வசந்தா "எதுலடி பாதி? பீ மூத்திரம் அள்ளினதுல பாதி வாங்கினியா?" என்றாள். சுனிதா எழுந்துவிட்டாள். சமரசர் குரலை உயர்த்தவில்லை. தனித்தனியாகப் பேசலாம் என்றார்.

முதலில் வசந்தா. "நீங்க எனக்கிட்ட சொல்றத, நீங்க சரின்னு சொன்னாத்தான் உங்க தங்கச்சிகிட்ட சொல்லுவேன்" என்றார் சமரசர்.

வசந்தா வெகு நேரம் மேசை விளிம்பையே பார்த்தாள். பிறகு வலது கையை மலர்த்தி வைத்தாள். ஆள்காட்டி விரலிலும் பெருவிரலிலும் பழைய வெள்ளைத் தழும்புகள்.

"பதினாலு வயசுல அம்மைக்க கூட அண்டி ஆபீசுக்குப் போனேன் மேடம். எட்டாம் கிளாஸ் பாதில நிறுத்திட்டா. ரெண்டு வருசம் எனக்க கூலியும் அம்மைக்க கூலியும் ஒரே டப்பாலதான் போட்டா. அந்த டப்பாப் பைசாலதான் இந்த வீடு. பத்திரத்துல அம்மைக்க பேரு மட்டுந்தான் எழுதினா. நான் மைனர்னு சொன்னா. அவ அப்பம் மூணாங்கிளாஸ். வருசா வருசம் புது யூனிபார்ம் இட்டுட்டுப் போவா."

"இது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. படிக்கியவளுக்கு மனசு கஷ்டப்படும், சொல்லாதேன்னு அம்மை சொன்னா."

அடுத்து சுனிதா. அவளிடமும் அதே பேச்சு, அதே நிபந்தனை. அவள் கைப்பைக்குள்ளிருந்து பேங்க் ரசீதுகளை எடுத்து அடுக்கினாள். அறை கட்டியதற்கான கணக்கு. அதற்குள் தனியாக மடித்த ஒரு ரசீது வெளியே விழுந்தது, நகைக்கடை ரசீது, 2015. சமரசர் அது என்ன என்று கேட்டார்.

"அது இதுல வராது."

"சரி."

சுனிதா அதைத் திரும்ப மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள். "அக்காக்க மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ள வீட்டுல நின்னுட்டாங்க. அம்மை போன்ல அழுதா. எட்டுப் பவன் வாங்கிக் குடுத்தேன். அம்மை சீட்டு பிடிச்சதுன்னு அக்காட்ட சொல்லிட்டா. தங்கச்சிக்கிட்ட வாங்கினோம்னா அவளுக்குக் குறைச்சலாப் போவும், சொல்லப்பிடாதுன்னு எனக்கிட்ட சத்தியம் வாங்கினா. அதுக்கப்புறம் ரெண்டு வருசம் அங்க கூடுதலா நிக்க வேண்டியதாப்போச்சு மேடம். எனக்க பிள்ளைக்கு அப்பம் ஆறு வயசு."

தங்கம்மை கெட்ட எண்ணத்தில் மறைத்தவள் அல்ல. ஒருத்தி முன்னால் இன்னொருத்தி தலை குனிய வேண்டாம் என்று நினைத்தாள், அவ்வளவுதான். ஆனால் அவள் உயிரோடு இருந்தவரைக்கும் அந்த இரண்டு கணக்கையும் அவள் தாங்கினாள். போனபிறகு தாங்க ஆளில்லை.

சமரசர் இரண்டு பேரிடமும் தனித்தனியாக ஒன்றைத்தான் கேட்டார்: அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை இனியும் வைத்திருக்க வேண்டுமா? வசந்தா உடனே தலையாட்டினாள். சுனிதா வாசலுக்குப் போய்த் தன் வக்கீலோடு நின்றாள், தண்ணீர் குடித்தாள், திரும்பி வந்து "நானே சொல்லுகேன்" என்றாள்.

இரண்டாம் தடவை மேசையில் உட்கார்ந்தபோது வசந்தா முதலில் சொன்னாள். சுனிதா அக்காவின் விரலைப் பார்த்தாள். சின்ன வயதில் அதை அடுப்பில் சுட்ட தழும்பு என்றுதான் கேட்டிருக்கிறாள். பிறகு அவள் ரசீதை மேசைமேல் தள்ளிவிட்டாள். வசந்தாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியவில்லை. சமரசர் தேதியையும் எடையையும் வாசித்தார்.

"சீட்டுன்னுல்லா சொன்னா" என்றாள் வசந்தா. கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் பிள்ளே எனக்கிட்ட சொல்லல்ல?"

"நீ சொன்னியா?"

அதற்காக அவர்கள் கட்டிப்பிடித்து அழவில்லை. அன்றைக்கு ஒன்றும் முடியவும் இல்லை. வசந்தாவிடம் சுனிதாவின் பங்குக்குக் கொடுக்கப் பணம் கிடையாது. விற்றுப் பிரிக்கவும் இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. அடுத்த அமர்வுக்கு சுனிதா ஒரு சர்வேயரை வைத்து அளந்த வரைபடத்தோடு வந்தாள். வீடும் கிணறும் நிற்கும் மேற்குப் பக்கம் 7 சென்ட் அக்காவுக்கு, கிழக்கில் 4 சென்ட் தனக்கு என்று அவளே பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

வசந்தா கோட்டைப் பார்த்தாள். "பாதிக்குல்லா நீ கேஸ் போட்ட?"

"அந்த டப்பாக் கணக்கு கழிச்சுப் போட்டேன்."

"அப்பம் எட்டுப் பவன் கணக்கு?"

"அது அவளுக்கு நான் போட்டது. உனக்கிட்ட தந்தது இல்ல."

மீதியெல்லாம் பேரம். கிழக்குப் பக்கத்துக்கு வழி வேண்டும், ஆறடி என்று சுனிதா கேட்டாள், எட்டு விட்டால்தான் பிற்காலத்தில் கார் போகும் என்று வசந்தாவே சொன்னாள். கிணறு இரண்டு பேருக்கும் பொது, மோட்டார் கரண்ட் காசு சரிபாதி. வார்ப்பு அறை வசந்தாவுக்கு, ஆனால் சுனிதா தன் இடத்தில் வீடு வைக்கும் வரைக்கும் அதன் ஒரு சாவி அவளிடம் இருக்கும். பட்டா உட்பிரிவுக்கு இரண்டு பேரும் சேர்ந்து மனுக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தைக் கோர்ட்டுக்கு அனுப்பினால் அதன்படியே டிக்ரி வரும், வழக்குக்குக் கட்டிய கோர்ட் ஃபீசும் திரும்பக் கிடைக்கும் என்று சமரசர் சொன்னதும், அதில் பாதி தனக்கு வேண்டும் என்று வசந்தா கேட்டாள். "கட்டினது நானு" என்றாள் சுனிதா. வசந்தா அதை விட்டுவிட்டாள்.

எல்லாம் தட்டச்சாகி வந்தது. சமரசர் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த வசந்தா நிறுத்தினாள்.

"பிலாவு அவளுக்க பக்கத்துல நிக்குது. ஆனா பாதிக் கொம்பு எனக்க பக்கந்தான் சாஞ்சு கிடக்கு. சக்க இங்க விழுந்தா ஆருக்கு?"

சுனிதாவின் வக்கீலுக்குச் சிரிப்பு வந்தது. "இதெல்லாம் எழுதணுமாம்மா? அக்கா தங்கச்சிதானே, பாத்துக்கலாம்."

"எழுதணும் சார்" என்றாள் சுனிதா. "வாயால சொன்னதெல்லாம் போரும்."

சமரசர் தாளைத் திரும்ப அனுப்பி ஒரு வரி சேர்க்கச் சொன்னார். கிழக்குப் பக்கத்துப் பிலாமரத்தின் காய்கள் மேற்கு மனையில் விழுந்தால் மூத்தவருக்குச் சேரும். தாள் வரும் வரைக்கும் இரண்டு பேரும் சும்மா இருந்தார்கள்.

"வெட்டிப் பறிச்சா?" என்று வசந்தா கேட்டாள்.

"பறிச்சா எனக்கு. நீ தோட்டிக் கம்பு கொண்டு வரப்பிடாது."

"மேடம்" என்றாள் வசந்தா, "அதையும் போட்டுருங்க."