வண்ணம் தீட்டும் பக்கம்: பனையில் தூக்கணாங்குருவி

3 முதல் 6 வயது வரையுள்ள அங்கன்வாடிக் குழந்தைகள் கிரேயானால் வண்ணம் தீட்டுவதற்கு ஒரு கருப்பு வெள்ளைப் பக்கம் வரைந்து தாருங்கள். ஏ4 தாள், நெடுக்குவாட்டில். வெள்ளைப் பின்னணியில் கருப்புக் கோடு மட்டும். நிழல், சாம்பல் நிறம், புள்ளியிட்ட நிரப்பல், குறுக்குக் கோடு எதுவும் வேண்டாம். இந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துத்தான் கொடுக்கப் போகிறோம். லேசான சாம்பல்கூட நகலில் அழுக்காக விழும், அதன் மேல் குழந்தை பூசும் மஞ்சள் எடுபடாது.

காட்சி இதுதான்: பனைமர ஓலையிலிருந்து தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குகின்றன, ஆண் குருவி ஒன்று கூடு பின்னிக்கொண்டிருக்கிறது.

முழுப் பனையையும் வரைய வேண்டாம். அடியிலிருந்து நுனி வரை காட்டினால் குருவி கடுகளவு ஆகிவிடும். இடது ஓரத்தில் மரத்தின் மேற்பகுதி மட்டும் போதும். பக்கத்தைச் சுற்றி ஒரு சட்டக் கோடு போட்டு, அடிமரம் அந்தக் கோட்டைத் தொட்டு முடியட்டும். அப்போதுதான் அதுவும் மூடிய கட்டமாக இருக்கும். நிஜத்தில் பனந்தண்டு கருத்திருக்கும் என்பதற்காகக் கருப்பை நிரப்பிவிடாதீர்கள். வளைந்த நான்கைந்து வளையங்கள் போதும், நடுவில் அகலமான வெற்றிடம் இருக்கட்டும்.

ஓலையில் கவனம் வேண்டும். பனை என்று சொல்லித் தென்னங்கீற்றை வரைந்த படங்கள் நிறைய கண்ணில் படுகின்றன. பனை ஓலை விசிறி வடிவம், விளிம்பு கூர்கூராகப் பிளந்திருக்கும். மூன்று பெரிய ஓலைகள் வலப்பக்கம் விரியட்டும். மடிப்புக் கோடுகளைக் காம்பு வரை இழுத்தால் அங்கே எல்லாம் குவிந்து ஒரே கருப்பாகிவிடும். ஆகவே ஓலை ஒன்றுக்கு இரண்டு மூன்று கோடுகள் மட்டும், விளிம்பில் தொடங்கிப் பாதி வழியில் நிற்கட்டும். மட்டையின் ஓரத்துக் கருக்கு முட்கள் தேவையில்லை.

கூடுகள் இரண்டு. முதலாவது முழுமையான கூடு, படத்திலேயே பெரிய உருவம் அதுவாக இருக்கட்டும்: மேலே ஓலை நுனியைப் பற்றிய ஒடுங்கிய கழுத்து, நடுவில் ஒரு பக்கமாகப் பருத்த வயிறு, மறுபக்கத்திலிருந்து கீழ்நோக்கி நீளும் குழாய். வாசல் அந்தக் குழாயின் அடியில்தான். வயிற்றின் நடுவே வட்டமாக ஓட்டை போட்டுவிட வேண்டாம். பின்னலைக் காட்ட மூன்று வளைந்த பட்டைகள் போதும், ஒவ்வொன்றையும் குழந்தை தனித்தனி நிறத்தில் தீட்டலாம்.

இரண்டாவது பாதி கட்டிய கூடு. அடிப்பக்கம் திறந்து, குறுக்கே ஒரு பட்டை மட்டும் ஓடும். இந்த நிலையில்தான் பெண் குருவி வந்து பார்க்கும். பிடித்தால்தான் ஆண் மீதியை முடிக்கும். இந்தக் கதையை டீச்சர் சொல்லிக்கொண்டே தீட்ட வைக்கலாம் என்பதால் இந்தக் கூட்டை விட்டுவிடாதீர்கள்.

ஆண் குருவி இந்த அரைக் கூட்டைக் கால்களால் பற்றித் தொங்கட்டும், அலகில் ஒரு நீண்ட புல் இழை. அலகு குட்டையாக, தடிமனாக இருக்கட்டும். தானியம் கொத்தும் பறவை அல்லவா. இனப்பெருக்கக் காலத்தில் அதன் உச்சந்தலையும் மார்பும் மஞ்சள், முகம் கரும்பழுப்பு. எனவே தலையில் ஒரே ஒரு பிரிப்புக் கோடு கண்ணுக்கு மேலே போகட்டும், மார்புக்கு இன்னொன்று. சிறகில் மூன்று பெரிய இறகுகள் போதும். கண் ஒரு வட்டம், உள்ளே ஒரு கருப்புப் புள்ளி. பக்கம் முழுவதிலும் நிரப்பிய கருப்பு அது ஒன்றுதான்.

பெண் குருவி பக்கத்து ஓலையில் உட்கார்ந்து கூட்டைப் பார்க்கட்டும். அதன் தலையில் அந்தப் பிரிப்புக் கோடு இருக்கக் கூடாது. ஊர்க்குருவி போன்ற பழுப்பு நிறம்தான் அதற்கு. இரண்டு குருவிகளும் உள்ளங்கை அளவாவது இருக்கட்டும்.

கோடு எல்லா இடத்திலும் ஒரே தடிமன், சுமார் 1.5 மி.மீ. 300 டி.பி.ஐ.யில் வரைந்தால் ஏறக்குறைய 18 பிக்சல். முனைகள் உருண்டையாக, உடையாமல், ஒன்றோடொன்று சேர்ந்து மூடட்டும். தீட்ட வேண்டிய எந்தக் கட்டமும் 1.5 செ.மீ.க்குக் குறுகலாக இருக்கக் கூடாது. சின்னக் கை முழு விரல்களாலும் கிரேயானைப் பிடிக்கும், அந்தக் கைக்கு நுணுக்கமான மூலைகள் அலுப்பைத்தான் தரும். அலகு, கால், புல் இழை மட்டும் இதற்கு விலக்கு.

வானத்தை வெறுமையாக விடுங்கள். மேகம், சூரியன், சிரித்த முகம் வைத்த பூக்கள் ஒன்றும் வேண்டாம். குருவிக்கும் மனித முகமோ சட்டையோ வேண்டாம். இந்தப் பிள்ளைகள் வயற்காட்டில் அசல் குருவியைப் பார்க்கிறவர்கள், பார்த்ததும் இது அதுதான் என்று தெரிய வேண்டும்.

கீழே வலது மூலையில் ‘பனை’ என்ற சொல்லை உள்ளே வெற்றிடம் விட்ட பெரிய எழுத்துகளில் எழுதுங்கள், அதையும் தீட்டுவார்கள். அதன் அடியில் பெயர் எழுத ஒரு நேர்கோடு. சட்டத்துக்கு வெளியே நான்கு பக்கமும் 1.5 செ.மீ. ஓரம் விடுங்கள். அச்சுக்கு ஏற்ற பி.டி.எஃப். ஒன்று, 2480 × 3508 பிக்சலில் பி.என்.ஜி. ஒன்று, இரண்டும் வேண்டும்.