முப்பத்தி ரொக்க ஏடு: 2024 ஜூன் 3 முதல் 8 வரை

நோட்டுப் புத்தகம், எழுதுபொருள் மொத்த விற்பனைக் கடை, பெரிய கடை வீதி, திருச்சிராப்பள்ளி
ஏட்டின் பக்கம் 23. தொகைகள் ரூபாயில். எதிர்ப்பதிவுக்கு அடையாளம்: எ

பற்று (பெறுதல்கள்)

| நாள் | விவரம் | பேரேட்டுப் பக்கம் | அளித்த தள்ளுபடி | ரொக்கம் | வங்கி |
|---|---|---|---|---|---|
| ஜூன் 3 | இருப்பு கீ/கொ | | | 18,450 | 1,26,300 |
| 3 | வங்கிக் கணக்கு (சில்லறைக்காக எடுத்தது) | எ | | 10,000 | |
| 3 | விற்பனைக் கணக்கு, ரொக்க விற்பனை | 41 | | 42,600 | |
| 4 | ரொக்கக் கணக்கு (வங்கியில் செலுத்தியது) | எ | | | 35,000 |
| 4 | ராமலிங்கம், லால்குடி (நெஃப்ட்) | 17 | 500 | | 24,500 |
| 4 | விற்பனைக் கணக்கு | 41 | | 21,350 | |
| 5 | சகாயமேரி, மணப்பாறை (காசோலை, அன்றே வங்கியில் போட்டது) | 22 | 200 | | 9,800 |
| 5 | விற்பனைக் கணக்கு | 41 | | 47,900 | |
| 6 | அப்துல் காதர், துறையூர் | 9 | 60 | 5,940 | |
| 6 | விற்பனைக் கணக்கு | 41 | | 51,250 | |
| 7 | ரொக்கக் கணக்கு (வங்கியில் செலுத்தியது) | எ | | | 1,20,000 |
| 7 | விற்பனைக் கணக்கு | 41 | | 56,700 | |
| 8 | விற்பனைக் கணக்கு | 41 | | 63,800 | |
| | மொத்தம் | | 760 | 3,17,990 | 3,15,600 |
| ஜூன் 9 | இருப்பு கீ/கொ | | | 1,33,000 | 1,99,105 |

வரவு (செலுத்தல்கள்)

| நாள் | விவரம் | பேரேட்டுப் பக்கம் | பெற்ற தள்ளுபடி | ரொக்கம் | வங்கி |
|---|---|---|---|---|---|
| ஜூன் 3 | ரொக்கக் கணக்கு (சில்லறைக்காக எடுத்தது) | எ | | | 10,000 |
| 3 | லாரி வாடகை, ஏற்று இறக்குக் கூலி | 52 | | 2,750 | |
| 4 | வங்கிக் கணக்கு (வங்கியில் செலுத்தியது) | எ | | 35,000 | |
| 5 | சிவகாசி நோட்டு உற்பத்தியாளர் (நெஃப்ட்) | 31 | 1,600 | | 78,400 |
| 5 | கடை வாடகை (காசோலை) | 54 | | | 18,000 |
| 6 | அட்டை, பசை வியாபாரி | 34 | 100 | 7,900 | |
| 7 | வங்கிக் கணக்கு (வங்கியில் செலுத்தியது) | எ | | 1,20,000 | |
| 7 | சகாயமேரி, மணப்பாறை (காசோலை திரும்பியது) | 22 | | | 9,800 |
| 7 | வங்கிக் கட்டணம் | 57 | | | 295 |
| 8 | வாரச் சம்பளம், கடை ஆட்கள் | 51 | | 14,200 | |
| 8 | எடுப்புகள், முதலாளி | 2 | | 5,000 | |
| 8 | தேநீர், பூ | 58 | | 140 | |
| 8 | இருப்பு கீ/இ | | | 1,33,000 | 1,99,105 |
| | மொத்தம் | | 1,700 | 3,17,990 | 3,15,600 |

பேரேட்டில் ஏற்றும் தம்பிக்குக் குறிப்புகள்

ஜூன் 3. வாரம் தொடங்கும்போதே கல்லாவில் பத்து ரூபாய்த் தாள் இல்லை. பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது சில்லறை இல்லாமல் கடை நடத்த முடியாது. அதனால் சுய காசோலை போட்டுப் பத்தாயிரத்துக்குப் பத்தும் இருபதுமாக வாங்கி வந்தோம். பணம் கடையைவிட்டு எங்கும் போகவில்லை, ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறியது, அவ்வளவுதான். ஆகவே பற்றுப் பக்கத்தில் ரொக்கப் பத்தியிலும் வரவுப் பக்கத்தில் வங்கிப் பத்தியிலும் அதே தொகை இருக்கிறது. எ என்று போட்டிருக்கும் வரிகளைப் பேரேட்டில் தேடாதே, ஏற்றவும் ஏற்றாதே. ரொக்கத்துக்கும் வங்கிக்கும் இந்த ஏடே பேரேடு.

ஜூன் 4, 7. இவை தலைகீழ்: ரொக்கம் வங்கிக்குப் போயிருக்கிறது. 7ஆம் தேதி காலையில் கல்லாவில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தது. மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, வங்கி கிடையாது, அதற்கடுத்தது ஞாயிறு. அதனால்தான் அன்றே ஒரு லட்சத்து இருபதாயிரத்தைச் செலுத்தினேன். 4ஆம் தேதி விற்பனை குறைந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். தேர்தல் முடிவு வந்த நாள், வீதியில் பாதிப் பேர் தொலைக்காட்சி முன்னால்தான் இருந்தார்கள்.

தள்ளுபடிப் பத்திகள். இவற்றுக்கு இருப்புக் கட்டக் கூடாது. 760க்கும் 1,700க்கும் வித்தியாசம் 940 என்று யாரோ பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்தார்கள், அழித்துவிட்டேன். இரண்டும் வெவ்வேறு கணக்குகள். 760ஐ அளித்த தள்ளுபடிக் கணக்கின் பற்றிலும் 1,700ஐப் பெற்ற தள்ளுபடிக் கணக்கின் வரவிலும் மொத்தமாக ஏற்று. ஆள் கணக்கில் ஏற்றும்போது தள்ளுபடியையும் சேர்த்துத்தான் ஏற்ற வேண்டும். லால்குடி கணக்கில் 24,500 மட்டும் வரவு வைத்தால் அவர் இன்னும் 500 பாக்கி என்று நிற்கும், அவர் வந்து சண்டை போடுவார், அவர் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

ஏழு நாளுக்குள் பணம் தந்தால் நூற்றுக்கு இரண்டு என்பது கடை வழக்கம். துறையூர்க்காரருக்கு ஒன்றுதான், நாள் தவறிவிட்டார், முதலாளி சொல்லித் தந்தது. விலைப்பட்டியிலேயே கழித்துத் தரும் வியாபாரத் தள்ளுபடி இந்த ஏட்டுக்கு வராது. அதைக் கொண்டுவந்து இங்கே கலக்காதே.

ஜூன் 6, அட்டை வியாபாரி. 8,000க்கு 7,900 ரொக்கமாகத் தந்தோம். அவர் கேட்டதால் தந்தோம், தொகை சிறியது என்பதாலும் தந்தோம். ஒரே நாளில் ஒருவருக்கே பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகத் தந்தால், பொதுவாக வருமான வரியில் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள். சிவகாசிக்கு 78,400ஐ வங்கி வழியாக அனுப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். சம்பளம் 14,200 என்பது நான்கு பேருக்குச் சேர்த்து, தனித்தனிக் கையெழுத்து சம்பளப் பதிவேட்டில் இருக்கிறது.

ஜூன் 7, மணப்பாறைக் காசோலை. இதில்தான் கவனம் வேண்டும். கையெழுத்து ஒத்துவரவில்லை என்று வங்கி திருப்பிவிட்டது. பணமில்லாமல் திரும்பியதல்ல, அந்த அம்மாவைப் பற்றித் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. திரும்பிய 9,800 வரவுப் பக்கத்தில் வங்கிப் பத்தியில் ஏறியிருக்கிறது. ஆனால் அவர் நமக்குத் தர வேண்டியது 9,800 அல்ல, 10,000. பணம் வராதபோது தள்ளுபடி ஏது? அந்த 200ஐ வரவுப் பக்கத்துத் தள்ளுபடிப் பத்தியில் எழுதினால் அது பெற்ற தள்ளுபடியோடு போய்ச் சேர்ந்துவிடும். நாம் யாரிடமும் அதைப் பெறவில்லையே. எனவே குறிப்பேட்டில் தனியாக எழுதியிருக்கிறேன்:

> ஜூன் 7. சகாயமேரி கணக்கு பற்று 200
> அளித்த தள்ளுபடிக் கணக்கு வரவு 200
> (5ஆம் தேதிக் காசோலை திரும்பியதால் தந்த தள்ளுபடி ரத்து)

வங்கி பிடித்த 295ஐ அவர் தலையில் கட்டலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். பதினைந்து வருட வாடிக்கை, வேண்டாம் என்றார். ஆகவே அது நம் செலவு.

ஜூன் 8, கல்லா எண்ணியது. ஏட்டின்படி 1,33,140 இருக்க வேண்டும். இரண்டு முறை எண்ணியும் 1,33,000தான். 500 தாள் 230, 200 தாள் 40, 100 தாள் 72, 50 தாள் 20, 20 தாள் 50, 10 தாள் 60, நாணயம் 200 ரூபாய். குறைந்த 140ஐ எங்கெங்கோ தேடினோம். கடைசியில் முருகன் படச் சட்டத்தின் பின்னால் செருகியிருந்த சீட்டு கிடைத்தது: சுமை இறக்கியவர்களுக்குத் தேநீர் 100, மாலை 40. எழுதியதும் கணக்கு நின்றுவிட்டது. சீட்டுக்குக் கல்லாவுக்குள்ளேயே ஒரு கம்பி இருக்கிறது. முருகனுக்கு அந்த வேலை வேண்டாம்.

ஞாயிறு கடை உண்டு. திங்கள் பள்ளி திறப்பு. 9ஆம் தேதி வரிகள் அடுத்த பக்கத்தில் தொடங்கும். திங்கள் காலை வங்கி திறந்ததும் செலுத்த ஒரு லட்சத்தைத் தனியே கட்டி உள் பெட்டியில் வைத்திருக்கிறேன். செலுத்தும் நாளில்தான் எதிர்ப்பதிவு, இன்றைக்கு அது ரொக்கமே.