சாலை விபத்தில் மறைந்த நம் ஐவருக்கான நினைவு மன்றாட்டு

வழிநடத்துபவர்: தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே.

எல்லாரும்: ஆமென்.

வழிநடத்துபவர்: வியாழன் விடியற்காலையில் ஒன்பது பேர் ஒரே வேனில் வேலைக்குப் புறப்பட்டார்கள். ஐந்து பேர் திரும்பவில்லை. நால்வர் இன்னும் மருத்துவமனையில் இருக்கிறார்கள். ஐந்து வீடுகளும் ஒரே தெருவில்தான். யார் வீட்டுக்கு முதலில் போவது என்று தெரியாமல் நாம் தெருவிலேயே நின்றோம்.

அவர்களுடைய வீட்டார் ஒவ்வொருவராக முன்வந்து, பெயரைச் சத்தமாகச் சொல்லி மெழுகுதிரி ஏற்றுவார்கள். குரல் உடைந்தால் உடையட்டும். அருகில் இருப்பவர் அந்தப் பெயரைச் சேர்ந்து சொல்லுங்கள்.

(ஐந்து திரிகளும் ஏற்றப்பட்டபின் சற்று நேரம் மௌனம்)

வழிநடத்துபவர்: துக்கம் விசாரிக்க வந்த இடத்தில், "யார் செய்த பாவமோ" என்று ஒரு சொல் காதில் விழுந்தது. சொன்னவர் மேல் கோபமில்லை, ஆனால் அந்தச் சொல் இனி இந்த வீடுகளுக்குள் நுழைய வேண்டாம். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று இயேசு தெளிவாகச் சொன்னார். லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. லாசரின் கல்லறைக்குப் போனபோது அவர் விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை, அழுதார். "நீர் இங்கே இருந்திருந்தால்" என்று மார்த்தா கேட்டதை அவர் குற்றமாக எடுக்கவில்லை. நமக்கும் அதே கேள்வி இருக்கிறது. அதோடே மன்றாடுவோம்.

ஆண்டவரே, காலையில் "போயிட்டு வரேன்" என்று சொல்லிப் போன இந்த ஐவரையும் உம் கைகளில் ஏந்திக்கொள்ளும்.

எல்லாரும்: ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.

வழிநடத்துபவர்: அம்மா எப்போது வருவாள் என்று கேட்கிற மூன்று வயதுக் குழந்தைக்காக. பதில் சொல்ல முடியாத அந்தப் பாட்டிக்காக.

எல்லாரும்: ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.

வழிநடத்துபவர்: சிகிச்சையில் இருக்கும் நால்வருக்காக. தான் மட்டும் பிழைத்தோமே என்று அவர்கள் குன்றிப்போகாதபடி காத்தருளும்.

எல்லாரும்: ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.

வழிநடத்துபவர்: எதிரே வந்த லாரியின் ஓட்டுநருக்காக. இதைச் சொல்ல நம்மில் சிலருக்கு இன்று வாய் வராது. வராதவர்கள் மௌனமாக இருங்கள், ஆண்டவர் அறிவார்.

(மௌனம்)

நொறுங்கிய வேனிலிருந்து வெறுங்கையால் நம்மவர்களை வெளியே எடுத்த, பெயர் தெரியாத வழிப்போக்கர்களை ஆசீர்வதியும். சாலையில் இறந்தவர்களை உலகம் நினைவுகூரும் நவம்பர் மூன்றாம் ஞாயிறன்று நாங்கள் மீண்டும் இங்கே கூடுவோம். அதற்குள் அந்த வளைவில் விளக்கும் வேகத்தடையும் வர, சலிக்காமல் கேட்கும் துணிவைத் தாரும்.

எல்லாரும்: ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.

வழிநடத்துபவர்: நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே.

எல்லாரும்: முடிவில்லாத ஒளி அவர்கள்மேல் ஒளிர்வதாக.

வழிநடத்துபவர்: திரிகளை அணைக்க வேண்டாம். வீட்டார் எடுத்துச் செல்லட்டும், நாம் அவர்களோடு வாசல்வரை நடப்போம்.