பால் கொள்முதல் மையப் பதிவு மென்பொருள்: முதல் வெளியீட்டு எல்லை

பதிப்பு 1, 2 மார்ச் 2026. ஏ3 தாளில் ஒரே பக்கமாக அச்சிட்டு, பால் பதியும் மேசைக்கு மேலே ஒட்ட வேண்டும்.

எதற்காக

சத்தியமங்கலம் பக்கம் உள்ள இந்த மையத்தில் 142 பேர் பால் ஊற்றுகிறார்கள். காலை வேளை 6 முதல் 7.30 வரை, மாலை வேளை 4.30 முதல் 6 வரை. இப்போது எல்லாக் கணக்கும் நோட்டில்தான். பத்து நாளைக்கு ஒருமுறை (1–10, 11–20, 21–மாதக் கடைசி) பட்டுவாடா. அதற்கு முந்தைய இரவு முழுக்க ஒருவர் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கிறார். கூட்டலில் பிழை வந்தால் அது ஊற்றுபவரின் பணம். மென்பொருள் முதலில் தீர்க்க வேண்டியது இதைத்தான்: ஊற்றிய பாலுக்கு அந்த இடத்திலேயே சரியான விலை, பத்தாம் நாள் பைசா பிசகாத பட்டியல்.

எதை உள்ளே எடுத்தோம், எதைத் தள்ளினோம்

ஒவ்வொரு அம்சத்துக்கும் இரண்டே கேள்வி கேட்டோம். இது இல்லாவிட்டால் நாளைக் காலை பால் வாங்குவது நின்றுபோகுமா? இது இல்லாவிட்டால் யாருக்காவது தவறான தொகை போகுமா? இரண்டில் ஒன்றுக்காவது ‘ஆம்’ என்றால் கட்டாயம். இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால், எவ்வளவு நல்ல யோசனையானாலும் பிறகுதான். ‘இருந்தால் வசதி’ என்ற நடுப் பட்டியல் வேண்டுமென்றே வைக்கப்படவில்லை. நடுப் பட்டியல் இருந்தால் எல்லாம் அதில் போய்ச் சேர்ந்து, கடைசி வாரத்தில் பாதி வேலையாகத் திரும்பி வரும்.

கட்டாயம் (மொத்தம் 17 வேலை நாள்)

1. ஊற்றுபவர் பட்டியல் (1 நாள்). எண், பெயர், ஊர், பசுவா எருமையா. நோட்டில் உள்ள எண்களே தொடரும். ஒருவர் நின்றுவிட்டால் அவருடைய எண்ணை வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பழைய கணக்கு புதியவர் பெயரில் தெரியும்.

2. பால் பதிவு (4 நாள்). எண், லிட்டர், கொழுப்பு, சி.எல்.ஆர். என நான்கையும் எண் விசைகளாலேயே பதிய வேண்டும். மவுஸைத் தொடும் தேவை வரக் கூடாது. காலையில் சுமார் 120 பேர், 90 நிமிடம்; ஆளுக்கு 45 வினாடிதான். பால் அளக்கவும் சோதிக்கவும் போக, பதிவுக்கும் சீட்டுக்கும் சேர்த்து 20 வினாடிக்கு மேல் போனால் வரிசை தேங்கும். அதிகம் நடக்கும் பிழை புள்ளியை விடுவது, அதாவது 4.2க்குப் பதில் 42. அதனால் கொழுப்புப் பெட்டியில் 42 என்று அடித்தாலே 4.2 என்று எடுத்துக்கொள்ளும். பசும்பால் கொழுப்பு 3.0–5.5க்கு வெளியே, எருமைப்பால் 5.0–9.0க்கு வெளியே வந்தால் ‘சரிதானா?’ என்று கேட்கும். தடுக்காது, ஏனென்றால் உண்மையிலேயே அப்படியும் பால் வரும்.

எஸ்.என்.எஃப். கணக்கு இது:

```
SNF = CLR/4 + 0.2 × Fat + 0.36
```

இதில் 0.2, 0.36 இரண்டையும் அமைப்புப் பக்கத்தில் மாற்ற முடிய வேண்டும். பால் வாங்கும் இடங்கள் எல்லாம் ஒரே எண்களைப் பயன்படுத்துவதில்லை. சி.எல்.ஆர். 28, கொழுப்பு 4.0 என்றால் மேலே உள்ளபடி 8.16 வரும், 0.25, 0.44 என்று எடுத்தால் 8.44. விலைப் பட்டியலில் இந்த இடைவெளி மூன்று கட்டம் தள்ளிப் போகும்.

3. விலைப் பட்டியல் (3 நாள்). கொழுப்பு ஒரு பக்கம், எஸ்.என்.எஃப். மறுபக்கம் என்ற இரட்டை அட்டவணை, எக்ஸெல் கோப்பிலிருந்து ஏற்றப்படும். எந்தத் தேதி, எந்த வேளையிலிருந்து செல்லும் என்பது ஒவ்வொரு பட்டியலோடும் இருக்கும். விலை பத்து நாளின் நடுவிலும் மாறுகிறது. எனவே பதிவு செய்யும்போதே அந்த லிட்டர் விலை பதிவுக்குள் எழுதப்பட்டுவிட வேண்டும். பட்டியலை மட்டும் நம்பிப் பிறகு கணக்கிட்டால், புது விலை ஏற்றிய அன்று பழைய சீட்டுகளின் தொகையும் மாறிவிடும். இந்த ஆவணத்தில் எதை விட்டாலும் இதை விடக் கூடாது.

4. இணையம் இல்லாமல் ஓடுதல், நகல் எடுத்தல் (2 நாள்). தரவு முழுவதும் மடிக்கணினியிலேயே இருக்கும். ஒவ்வொரு வேளை முடிவிலும் பென் டிரைவில் ஒரு நகல். பென் டிரைவ் செருகவில்லை என்றால் திரையில் சிவப்பு வரி தெரியும், வேலை நிற்காது.

5. சீட்டு (2 நாள்). 58 மி.மீ. வெப்ப அச்சுப்பொறி. இந்த வகைப் பொறிகளுக்குள் பொதுவாகத் தமிழ் எழுத்து இருக்காது. நேரடியாக அனுப்பினால் கேள்விக்குறிகளாக வரும். எனவே சீட்டை 384 புள்ளி அகலப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். தாள் தீர்ந்தால் பதிவு நிற்காது. சீட்டைப் பிறகு மறுபடி எடுக்கலாம், அதில் ‘மறு அச்சு’ என்று இருக்கும்.

6. திருத்தம் (2 நாள்). வேளை முடியும் வரை பதிபவரே திருத்தலாம். முடிந்த பிறகு உரிமையாளரின் ரகசிய எண் வேண்டும். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, நேரம் மூன்றும் அழியாமல் நிற்கும். அழிக்கும் பொத்தானே கிடையாது.

7. வேளைத் தொகை (1 நாள்). குளிரூட்டும் நிலைய வண்டியோடு போகும் தாள். மொத்த லிட்டர், கிலோ (லிட்டர் × 1.03), சராசரிக் கொழுப்பு. சராசரியை அளவோடு பெருக்கித்தான் எடுக்க வேண்டும். 10 லிட்டர் 3.5, 2 லிட்டர் 6.0 என்றால் விடை 3.92, வெறுமனே கூட்டி இரண்டால் வகுத்தால் 4.75 வந்து, நிலையத்தின் சோதனையோடு தினமும் தகராறு வரும்.

8. பட்டுவாடா பட்டியல் (2 நாள்). ஆளுக்கு மொத்த லிட்டர், தொகை, பிடித்தம், கையில் கொடுப்பது, கையெழுத்து இடம். பிடித்தம் கையால் அடிக்கும் ஒரே எண். முன்பணமும் தீவனமும் அதற்குள் அடக்கம். ஒவ்வொரு பதிவும் பைசா வரை (6.4 லிட்டர் × 36.85 = 235.84), முழு ரூபாயாக்குவது கடைசித் தொகையில் மட்டும். ஒவ்வொரு முறையும் ரூபாயாக்கினால் 20 வேளைக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் வரை பிசகலாம்.

பிறகு

பால் சோதனைப் பொறியை நேரடியாக இணைப்பது இரண்டாம் வெளியீட்டின் முதல் வேலை. மிச்சமாவது ஆளுக்குச் சில வினாடிதான்; ஆனால் பொறிக்குப் பொறி எண்களை அனுப்பும் முறை வேறு, கம்பியைச் செருகிப் பார்க்காமல் நாள் கணக்குச் சொல்ல முடியாது. கையால் பதிவது எப்படியும் இருந்தாக வேண்டும், பொறி பழுதாகும் நாளுக்கு.

குறுஞ்செய்தி வேண்டும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அந்த ஆசை நியாயமானது. ஆனால் இந்தியாவில் வணிகக் குறுஞ்செய்தி அனுப்ப நிறுவனப் பெயர், அனுப்புநர் குறியீடு, செய்தி வாசகம் மூன்றையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டி.எல்.டி. தளத்தில் பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். தமிழில் ஒரு செய்திக்கு 70 எழுத்துக் குறிகள்தான். புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும், மீறினால் இரண்டு செய்திக் கட்டணம். ஒப்புதல் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. ஆகவே மென்பொருள் மையத்தில் ஓடத் தொடங்கும் ஏப்ரல் 11ஐ அதோடு கட்டிப்போட முடியாது. விண்ணப்பத்தை மட்டும் உரிமையாளர் இப்போதே தொடங்கலாம்.

தீவனக் கடன் தனிக் கணக்கு, வங்கிக்கு அனுப்பும் கோப்பு, மாத வரைபடங்கள்: மூன்றும் மூன்றாம் வெளியீட்டில் பேசப்படும். வங்கிக் கோப்புக்கு முன் 142 கணக்கு எண்களையும் பாஸ்புக்கோடு ஒத்துப் பார்க்கும் வேலை இருக்கிறது. அதை மென்பொருள் செய்யாது, ஆள்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது மையம்: திரையில் எதுவும் வராது. ஆனால் தரவு அட்டவணைகளில் மைய எண்ணுக்கு ஒரு நெடுவரிசை இப்போதே இருக்கும், எல்லாவற்றிலும் 1 என்று. இப்போது அரை மணி நேர வேலை. ஒரு வருடம் கழித்துச் சேர்த்தால் பழைய பதிவுகள் எல்லாவற்றையும் தொட வேண்டியிருக்கும். பிற்காலத்துக்காக இப்போது செய்யும் ஒரே விஷயம் இது.

ஊற்றுபவர்களுக்கான கைப்பேசிச் செயலி எந்த வெளியீட்டிலும் இல்லை. சீட்டும் பட்டியலும் அந்த வேலையைச் செய்கின்றன.

நாட்கள்

மார்ச் 2 முதல் 27 வரை எழுதும் வேலை, ஒரே ஆள். 20 வேலை நாளில் 17 கணக்கில் போய்விட்டது, மீதி 3 எதிர்பாராததற்கு. அந்த மூன்றைப் புது அம்சத்துக்குக் கேட்கக் கூடாது. மார்ச் 30 முதல் ஏப்ரல் 10 வரை மையத்திலேயே சோதனை. ஏப்ரல் 11 காலை முதல் நோட்டும் மென்பொருளும் ஒன்றாக ஓடும். சித்திரை 1 அந்தப் பத்து நாளுக்குள்தான் வருகிறது. அன்றும் இரண்டிலும் பதிய வேண்டும். 20ஆம் தேதி மாலை இரண்டு தொகையும் ஒத்தால் 21 முதல் நோட்டு நிறுத்தப்படும். ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு பத்து நாள் நோட்டு தொடரும்.

முடிந்தது என்று எப்போது சொல்வோம்

பிப்ரவரி 11–20 நோட்டை அப்படியே பதிந்து, கொடுத்த தொகையோடு ஆளாளுக்கு ஒப்பிட வேண்டும். (21–28 எட்டே நாள், அதனால் அதை எடுக்கவில்லை.) வித்தியாசம் வரும் ஒவ்வொரு இடத்திலும் தவறு நோட்டிலா மென்பொருளிலா என்று எழுதிக் காட்ட வேண்டும். ‘சில்லறை வித்தியாசம்தான்’ என்ற விளக்கம் ஏற்கப்படாது. பிறகு பால் பதிபவர் யார் உதவியும் இல்லாமல் ஒரு முழுக் காலை வேளையை 7.30க்குள் முடிக்க வேண்டும். நடுவில் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி, ஒருமுறை அச்சுத் தாளை உருவிச் சோதிப்போம்.

புதிதாக ஒன்று வேண்டும் என்றால்

யார் கேட்டாலும் இந்தத் தாளின் ஓரத்தில் எழுதலாம். வெள்ளிக்கிழமை மாலை உரிமையாளர், பால் பதிபவர், மென்பொருள் எழுதுபவர் மூவரும் உட்கார்ந்து மேலே சொன்ன இரண்டு கேள்விகளைக் கேட்போம். கட்டாயம் என்று ஆனால், அதே நாள் கணக்குள்ள ஒன்று கட்டாயப் பட்டியலிலிருந்து வெளியே போக வேண்டும். போக எதுவும் இல்லை என்றால் ஏப்ரல் 11 அடுத்த பட்டுவாடாத் தொடக்கமான 21க்குத் தள்ளப்படும். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

இன்னும் முடிவாகாதவை

எஸ்.என்.எஃப். சூத்திரத்தின் இரண்டு எண்கள்: குளிரூட்டும் நிலையத்திடம் எழுத்தில் வாங்கி வருபவர் உரிமையாளர், மார்ச் 6க்குள். வராவிட்டால் மேலே உள்ள எண்களோடு வேலை தொடரும்.

ஒரே வேளையில் பசும்பாலும் எருமைப்பாலும் தனித்தனிப் பாத்திரத்தில் கொண்டு வருபவருக்கு ஒரே எண்ணில் இரண்டு பதிவா, இரண்டு எண்ணா: பால் பதிபவர் மார்ச் 4க்குள் சொல்ல வேண்டும். பால் பதிவுத் திரை இதற்குப் பிறகுதான் தொடங்கும்.

அச்சுப்பொறி வாங்குவது: உரிமையாளர், மார்ச் 13க்குள். சீட்டு வேலை 16இல் ஆரம்பிக்கிறது. பொறி கையில் இல்லாமல் படத்தின் அகலத்தைச் சரிபார்க்க முடியாது.

ஒப்புதல் கையெழுத்து: மைய உரிமையாளர், பால் பதிபவர், மென்பொருள் எழுதுபவர்.