எண்ணாத காலம்

ஹோமரின் இலியட், நான்காம் காண்டம். தோழர்களின் கேடயங்களுக்குப் பின்னால் மறைந்திருந்து பாண்டரோஸ் எய்த அம்பு மெனலாஸின் இடுப்பில் பாய்கிறது. ரத்தம் தொடை வழியாக வழிவதைக் கண்டு அண்ணன் அகமெம்னோன் பதறுகிறான். தம்பிதான் தேற்றுகிறான்: அம்பு ‘கைரியோஸ்’ ஆன இடத்தில் படவில்லை, இடைக்கச்சை தடுத்துவிட்டது. உயிர்நிலையில் படவில்லை என்கிறான். நம் ஊர் ஆசான்கள் வர்மம் என்பார்களே, அந்த மாதிரி இடம்.

கைரோஸ் என்ற கிரேக்கச் சொல்லின் குடும்பத்தை நாம் முதலில் சந்திப்பது இங்கேதான், ஓர் உடம்பின் மேல். காலத்தின் பக்கம் அது குடிபெயர்ந்தது பிறகு. அளக்கப்படும் காலம் க்ரோனோஸ், வாய்க்கும் காலம் கைரோஸ் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவது வழக்கம். அந்த ‘வாய்க்கும்’ என்பதோடுதான் எனக்குச் சண்டை. வாய்ப்பதற்கு அதிர்ஷ்டம் போதும். வர்மத்தில் அடிக்க, அது எங்கே இருக்கிறதென்று தெரிந்திருக்க வேண்டும்.

ஏதென்ஸ் வழக்குமன்றத்தில் பேசுகிறவருக்குத் தண்ணீரால் நேரம் அளந்தார்கள். அந்த நகரின் சந்தைவெளியான அகோராவில் அப்படியொரு மண்கலம் கிடைத்திருக்கிறது. அடியில் சிறு துளை, ஏறக்குறைய ஆறு நிமிடத்தில் வடிந்துவிடும். நீர்த்திருடி என்பது அதன் பெயரின் பொருள். கலத்தில் எவ்வளவு மிச்சம் என்பது க்ரோனோஸ். நடுவர்களின் மனம் இளக, அழும் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்துவதும் அந்த ஊரில் உண்டு. எந்த வாக்கியத்துக்குப் பிறகு நிறுத்துவது? அது கைரோஸ். அதற்குக் கலம் உதவாது.

கிரேக்கத் தறியிலும் ஒரு கைரோஸ் உண்டு, அசையழுத்தம் மட்டும் வேறு. பாவு நூல்களைப் பிரித்து நிறுத்தும் கண்ணி வரிசைக்கு அந்தப் பெயர். இரண்டும் ஒரே சொல்லா என்று அறிஞர்கள் வாதாடட்டும். எனக்கு அந்த இடத்தை நேரிலேயே தெரியும். என் தாத்தாவுக்குக் குழித்தறி. பள்ளி விடுமுறையில் தார் சுற்றிக் கொடுப்பது என் வேலை. மிதியை அழுத்தினால் பாவு இரண்டாகப் பிரியும். நடுவே இரண்டு விரல் இடைவெளி. அது மூடுவதற்குள் நாடா ஓடி மறுபக்கம் சேர வேண்டும். ஒருநாள் கெஞ்சிக் கூத்தாடித் தறியில் உட்கார்ந்து, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே கயிற்றை இழுத்தேன். மூடிக்கொண்டிருந்த பாவுக்குள் நாடா புகுந்து ஏழெட்டு இழைகளை அறுத்துப்போட்டது. தாத்தா திட்டவில்லை. விரலில் எச்சில் தொட்டு ஒவ்வோர் இழையாக முடிந்துகொண்டே, “எண்ணாதே, காலைக் கேள்” என்றார்.

கைரோஸை வெறும் ‘சந்தர்ப்பம்’ ஆக்கியதில் ஒரு சிலைக்கும் பங்குண்டு. கைரோஸையே ஓர் ஆளாக்கி, கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சிற்பி லிசிப்போஸ் வார்த்தது. மூலம் இன்று இல்லை. பொசிதிப்போஸின் கவிதை அதைக் கேள்வி பதிலாக வருணிக்கிறது. நுனிக்காலில் ஏன் நிற்கிறாய்? எப்போதும் ஓடுகிறேன். முகத்தில் ஏன் முடி? எதிரே வருகிறவன் பிடித்துக்கொள்ள. பின்தலை ஏன் வழுக்கை? கடந்துபோன என்னைப் பின்னாலிருந்து யாரும் பிடிக்க முடியாது. அழகான கவிதைதான். ஆனால் எல்லோரும் அந்த முன்முடியைப் பிடித்துக்கொண்டு, வலக்கையில் இருக்கும் சவரக்கத்தியை விட்டுவிட்டார்கள். எந்தக் கூர்மையையும்விட நான் கூர்மையானவன் என்பதற்கு அது அடையாளம் என்கிறான் கைரோஸ். கத்தியைப் பழகாத கையில் கொடுக்க முடியாது.

ஹிப்போக்ரட்டிஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களில் ஒரு வரி: க்ரோனோஸுக்குள் கைரோஸ் இருக்கிறது, கைரோஸுக்குள் க்ரோனோஸ் அதிகம் இல்லை. இதை எழுதிய மரபினர் காய்ச்சல் கண்ட நாளிலிருந்து நாள் எண்ணியவர்கள். ஏழாம் நாள், பதினான்காம் நாள் என்று நோயின் போக்கு மாறும் கட்டங்களைக் குறித்துவைத்தவர்கள். எண்ணிக் காத்திருந்தவருக்குத்தான் அந்தக் குறுகிய இடைவெளி தெரியும்.

தமிழ் விவிலியத்தில், அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்தில் இந்த இரண்டு சொற்களும் அடுத்தடுத்து வருகின்றன: “காலங்களையும் வேளைகளையும்”. கைரோஸுக்கு வேளை. இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. பிரசவ வலி கண்ட வீட்டில் வேளை வந்துவிட்டது என்பார்கள். அதைச் சொல்லும் கிழவி கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வதில்லை; ஆனால் மாதக் கணக்கு அவளுக்கு அத்துப்படி.

தாத்தாவும் எண்ணாதவர் அல்ல. சேலையை ஒப்படைக்கும் நாளுக்குத் தறிக்கு எதிர்ச் சுவரில் தினமும் ஒரு கரிக்கோடு போடுவார். நான் இழையறுத்த அன்று, விளக்கேற்றிய பிறகும் முடிந்துகொண்டிருந்தார். எழுந்து போய்க் கோட்டைப் போட்டுவிட்டு மறுபடி குழிக்குள் இறங்கினார்.